"பெரிய ப்ரொஃபசர் சொன்னவர்": சுனாமிச் செய்தியில் வரும் நிபுணர் வாக்கைச் சோதிக்கும் முறை

திருகோணமலைக் கரையில் குடியிருப்பவருக்கு இப்படியொரு குரல் பதிவு வட்ஸ்அப்பில் வந்தால் அன்றிரவு நித்திரை வராது:

"எல்லாரும் கவனமாக் கேளுங்கோ. கொழும்பு கம்பஸ் ஒண்டில இருக்கிற பெரிய ப்ரொஃபசர் சொன்னவர். முப்பது வருஷமா ஆராய்ச்சி செய்யிற ஆள். வாற பௌர்ணமி இரவு சுமாத்திராப் பக்கம் ஒன்பது அளவில நிலநடுக்கம் வரப்போகுதாம். மூதூரில இருந்து குச்சவெளி மட்டும் கடல் ஏறுமாம். சனம் பதறும் எண்டு அரசாங்கம் மறைக்குது. தெரிஞ்ச எல்லாருக்கும் அனுப்புங்கோ."

இது பாடத்துக்காக நாங்கள் எழுதிய மாதிரி. ஆனால் உண்மையாகப் பரவும் செய்திகளும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. பெயரில்லாத ஒரு பெரிய ஆள், வருடக் கணக்கு, ஒரு நாள், ஊர்ப் பெயர்கள், கடைசியில் "மறைக்கிறார்கள்" என்று ஒரு வரி. கூற்றுக்கு ஆதாரமாக நிற்பது அந்தப் பெரிய ஆள் மட்டும்தான். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்தவர்கள் இதை ஒரு போலி நியாயமாக அறிந்திருப்பார்கள்: ஒருவருடைய மதிப்பையே அவர் கூற்றின் உண்மைக்குச் சான்றாக வைப்பது.

அந்தப் பாடத்தை அரைகுறையாகப் பிடித்துக்கொள்வதிலும் ஆபத்து இருக்கிறது. "யார் சொன்னாலும் நம்பமாட்டேன், நானே பார்த்துத் தெரிந்துகொள்வேன்" என்று சொல்ல திருகோணமலையில் வசதியில்லை. 2004 டிசம்பர் 26 அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த எங்கள் கரையில் ஓடத் தூண்டுமளவுக்கு எதையும் எவரும் உணரவில்லை. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குள் கடல் வந்துவிட்டது. உடம்புக்குத் தெரியாத ஆபத்தைக் கருவி வைத்திருப்பவர் சொல்லித்தான் அறிய வேண்டும். ஆகவே எந்த நிபுணரை, எந்தக் கேள்விக்கு, எந்தத் தேதி வரைக்கும் நம்பலாம் என்று பிரித்தறியும் வழி வேண்டும். மேலே உள்ள செய்தியையே கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதற்படி: செய்தியைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, ஆளைப் பற்றிய வரிகளை ஒரு பக்கமும் உலகத்தைப் பற்றிய வரிகளை மறுபக்கமும் எழுதுங்கள். மாதிரிச் செய்தியில் பேராசிரியர், முப்பது வருடம், கொழும்பு ஆகிய மூன்றும் ஆளைப் பற்றியவை. பௌர்ணமி இரவு நடக்கும், சுமாத்திராவில் நடக்கும், அளவு ஒன்பது, மூதூர் முதல் குச்சவெளி வரை கடல் ஏறும், அரசாங்கத்துக்குத் தெரியும் என்ற ஐந்தும் உலகத்தைப் பற்றியவை.

எழுதி முடித்ததும் ஒன்று கண்ணில் படும். ஐந்து கூற்றுகளில் எதற்கும் காரணம் சொல்லப்படவில்லை. ஐந்தும் ஒரே ஆளின் தோளில் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஐந்தும் வெவ்வேறு துறைக் கேள்விகள் என்பதும் தெரியும். நிலநடுக்கம் எங்கே வரக்கூடும் என்பது புவியோட்டு ஆய்வாளரின் கேள்வி. கடல் எவ்வளவு உயரும் என்பது அலைக் கணிப்பாளரின் கேள்வி. அரசாங்கம் மறைக்கிறதா என்பதில் எந்தப் புவியியல் பேராசிரியருக்கும் தனித்தகைமை கிடையாது. இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். பதற்றத்தில் பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான்.

இரண்டாம் படி: ஆள் இருக்கிறாரா, சொன்னாரா?

பெயரில்லாத நிபுணரைச் சோதிக்க வழியே இல்லை. எனவே பெயர் இல்லை என்றால், அங்கே நிபுணர் சாட்சியம் என்று ஒன்றும் இல்லை. அனுப்பியவரின் சொல் மட்டுமே இருக்கிறது. பெயர் இருந்தால் பல்கலைக்கழக இணையதளத்தில் அந்தத் துறையின் விரிவுரையாளர் பட்டியலைப் பாருங்கள். பெயர் கிடைத்துவிட்டால் அதோடு நிறுத்தாமல், அவர் அதைத் தம் வாயால் சொன்ன இடத்தைத் தேடுங்கள்.

இந்த இடத்தில் அடிக்கடி நடப்பது முழுப் பொய் அல்ல, திரிபு. "சுமாத்திராவின் சில பகுதிகளில் இன்னும் அழுத்தம் தேங்கியிருக்கிறது, எதிர்காலத்தில் பெரிய நிலநடுக்கம் வரலாம்" என்று ஒரு பேராசிரியர் நேர்காணலில் சொல்கிறார். அது துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பேச்சு. நாலு கை மாறி வரும்போது "எதிர்காலத்தில்" என்பது "வாற பௌர்ணமி" ஆகிவிடுகிறது, "வரலாம்" என்பது "வரும்" ஆகிவிடுகிறது. மூலத்தைக் கண்டுபிடித்தால் வினைமுற்றைக் கவனித்துப் படியுங்கள். உண்மையான ஆய்வாளர் எங்கே "கூடும்", "இருக்கலாம்" என்று நிறுத்தினாரோ அந்த இடத்தில்தான் செய்தி பிய்ந்திருக்கும்.

மூன்றாம் படி: எந்தத் துறையில் நிபுணர்?

"டொக்டர்", "பேராசிரியர்" என்ற பட்டங்கள் ஒருவர் ஏதோ ஒன்றில் ஆழமாகப் படித்தவர் என்பதைத்தான் காட்டும். எதில் என்று காட்டாது. இதற்கு நன்கு பதிவாகியிருக்கும் சம்பவம் அமெரிக்காவில் 1990 இல் நடந்தது. ஐபன் பிரவுனிங் என்பவர் உயிரியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்; காலநிலை பற்றி வியாபார நிறுவனங்களுக்கு ஆலோசனை கூறி வந்தவர். சந்திரனும் சூரியனும் இழுக்கும் விசை டிசம்பர் 3 அளவில் உச்சமடையும், அதையொட்டி மிசூரி மாநிலப் பக்கமுள்ள நியூ மாட்ரிட் பிளவில் பெரிய நிலநடுக்கம் வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு என்றார். பத்திரிகைகள் அவரை "விஞ்ஞானி" என்றே எழுதின. அது பொய்யல்ல. அவர் விஞ்ஞானிதான், ஆனால் நிலநடுக்க விஞ்ஞானி அல்ல. அந்த நாட்களில் பல பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. நிலநடுக்கம் வரவில்லை.

எங்கள் மாதிரிச் செய்தியின் பௌர்ணமியும் இதே கருத்தின் பேரப்பிள்ளைதான். 2004 டிசம்பர் 26 உம் பௌர்ணமி என்பதால் இந்தக் கரையில் அது இன்னும் ஆழமாகப் பாய்கிறது. கடல் வற்றுப்பெருக்கு விசைக்கும் பெரிய நிலநடுக்கங்களுக்கும் தொடர்புண்டா என்று முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதிக விசை உள்ள நாட்களில் ஒரு நடுக்கம் பெரிதாக வளரும் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்று காட்டியவையும் உண்டு. ஆனால் பௌர்ணமி மாதாமாதம் வருகிறது, ஒன்பது அளவு நடுக்கம் உலகம் முழுவதையும் சேர்த்தாலும் பல வருடங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. அந்தச் சிறு கூடுதலை வைத்துக்கொண்டு ஒரு நாளைக் குறிக்க முடியாது.

துறை விலகல் படித்தவரிடம் மட்டும் நடப்பதில்லை. திருக்கடலூரிலோ சல்லியிலோ நாற்பது வருடம் கடலுக்குப் போன சம்மாட்டியார் நீரோட்டம், காற்று, மீன் வரத்து பற்றிச் சொன்னால் அது நிபுணர் வாக்கு. அதில் எந்தப் பேராசிரியரையும் விட அவர் மேல். "சுனாமி வருமுன் கடல் உள்வாங்கும், அதைப் பார்த்துவிட்டு ஓடலாம்" என்று அவர் சொன்னால் அது வேறு கேள்வி. 2004 இல் நிலப்பிளவின் கிழக்குப் பக்கம் கடலடி தாழ்ந்ததால் தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் உள்வாங்கியது. மேற்குப் பக்கம் கடலடி உயர்ந்ததால் இலங்கையை நோக்கி முதலில் வந்தது மேடான அலை. இங்கே பல இடங்களில் சனம் கண்ட உள்வாங்கல் முதல் அலைக்குப் பிந்தியது. உள்வாங்கலைக் கண்டால் ஓடத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. உள்வாங்கவில்லையே என்று கரையில் நின்றால்தான் உயிர் போகும். ஒரு கரையின் கண்கண்ட சாட்சி இன்னொரு கரைக்குப் பொருந்தாமல் போக இதுவே காரணம்.

நான்காம் படி: இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய நிபுணர் எவராவது உண்டா?

இதுதான் மிகவும் கைகொடுக்கும் படி, குறைவாகப் பயன்படுவதும் இதுதான். ஆள் சரியான துறைக்காரராக இருந்தும், கேட்கப்பட்ட கேள்விக்கு அந்தத் துறையிலேயே விடை இல்லாமல் இருக்கலாம்.

நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிக் குறித்து ஒரு பெரிய நிலநடுக்கத்தைச் சொல்லும் முறை இன்று உலகில் எவரிடமும் இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் தன் தளத்தில் (usgs.gov) இதை நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறது: தாங்களோ வேறு எந்த விஞ்ஞானிகளோ ஒரு பெரிய நிலநடுக்கத்தை இதுவரை முன்னறிவித்ததில்லை. ஆகவே "இத்தனையாந் தேதி வரும்" என்ற கூற்றுக்கு, சொன்னவர் உலகிலேயே முதல்தர நிலநடுக்க ஆய்வாளராக இருந்தாலும் பெறுமதி கிடையாது. அவருடைய தகைமை அந்த வரிக்குப் பாயாது.

நடுக்கம் நிகழ்ந்த பிறகு கதை மாறிவிடுகிறது. ஆழ்கடலில் சுனாமி ஓடும் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது:

```
v = √(g × h)
```

g என்பது புவியீர்ப்பு முடுக்கம், 9.8. h என்பது மீற்றரில் ஆழம். வங்காள விரிகுடாவில் 4000 மீற்றர் ஆழமுள்ள இடத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 9.8 ஐ 4000 ஆல் பெருக்கினால் 39,200. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 198. வினாடிக்கு 198 மீற்றர் என்றால் மணிக்கு 700 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடலடி ஆழங்கள் முன்பே அளக்கப்பட்டிருப்பதால், அலை திருகோணமலைக்கு எப்போது வரும் என்பதைச் சில நிமிடப் பிழையோடு கணிக்கலாம். எவ்வளவு உயரும் என்பது இதைவிடக் கடினம். கரையின் வடிவமும் கரையருகு ஆழமும் அதை இடத்துக்கு இடம் மாற்றும். எனவே "காலை 9 மணியளவில் அலை வரக்கூடும்" என்று நடுக்கத்துக்குப் பின் வரும் அறிவித்தலையும், "வாற பௌர்ணமிக்கு வரும்" என்று நடுக்கத்துக்கு முன் வரும் செய்தியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இரண்டையும் ஒரே பேராசிரியர் சொல்லியிருந்தாலும் அப்படித்தான்.

ஐந்தாம் படி: தேதியைப் பாருங்கள்

பழசாகிப்போன நிபுணத்துவத்தைக் கண்டுபிடிப்பது சிரமம். ஆள் உண்மை, துறை சரி, பேச்சும் பொறுப்பானது. உலகம் மட்டும் நகர்ந்துவிட்டது. 1980 இல் ரஃப், கனமோரி என்ற இரு நிலநடுக்க ஆய்வாளர்கள், ஒரு புவியோட்டின் வயதும் அது இன்னொரு ஓட்டின் கீழ் அமிழும் வேகமும் அங்கே எவ்வளவு பெரிய நடுக்கம் வரும் என்பதோடு தொடர்புடையவை என்று காட்டினார்கள். இளமையான ஓடு வேகமாக அமிழும் இடத்தில்தான் ஒன்பது அளவு நடுக்கங்கள் வரும் என்பது இதிலிருந்து பரவிய எண்ணம். அன்றிருந்த தரவுக்கு அது நேர்மையான முடிவு. அந்தக் கணக்கில் அந்தமான், நிக்கோபார் பக்கம் ஆபத்துப் பட்டியலில் மேலே வரவில்லை. 2004 இல் ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்தது, அந்தப் பக்கத்தையும் சேர்த்து. தரவுகளை மறுபடி பார்த்தபோது பழைய தொடர்பு தளர்ந்துபோயிருந்தது. 2011 இல் ஜப்பானில் நடந்த ஒன்பது அளவு நடுக்கமும் அதையே காட்டியது. எனவே "இந்தப் பிளவில் ஒன்பது அளவு வராது" என்று 1990 களின் நூலொன்று சொன்னால், எழுதியவரை மதிக்கலாம், அந்த வரியை எடுத்துக்கொள்ளக் கூடாது. அமிழும் பிளவுகளின் உச்ச அளவு பற்றிய கூற்றா? அது 2004 க்கு முந்தியதா, 2011 க்கு முந்தியதா என்று பாருங்கள்.

சில கூற்றுகள் மணித்தியாலத்தில் பழசாகும். 2004 இல் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நடுக்கத்துக்குக் கால் மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையை வெளியிட்டபோது அளவை 8.0 என்றது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகி வந்த அறிக்கையில் அது 8.5. பிந்திய ஆய்வுகளில் 9.1 அல்லது அதற்கு மேல். 8.0 இலிருந்து 9.1 என்பது சிறு திருத்தம் அல்ல. வெளிப்படும் சக்தியில் ஏறத்தாழ 45 மடங்கு. மிகப் பெரிய நடுக்கத்தில் நிலம் பல நிமிடங்கள் பிளந்துகொண்டே போகும். முதல் அலைகளை மட்டும் வைத்துக் கணிக்கும் முறை அதைக் குறைத்தே மதிப்பிடும். அந்த மையத்தின் பொறுப்பும் அன்று பசிபிக்கோடு முடிந்தது. அந்த அறிக்கையைப் பார்த்து எவராவது "ஆபத்தில்லை என்று நிபுணர் சொன்னார்கள்" என்று இலங்கையில் சொல்லியிருந்தால், எல்லையும் பிசகு, நேரமும் பிசகு. எனவே எந்த எச்சரிக்கையைப் படித்தாலும் அறிக்கை எண்ணையும் வெளியான நேரத்தையும் முதலில் தேடுங்கள். நேரமில்லாத திரைப்பிடிப்பு போன வருடத்தினதாகவும் இருக்கலாம்.

இதன் மறுபக்கமாக 2012 ஏப்ரல் 11 ஐ இன்றும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள்: "அண்டைக்கு எல்லாரையும் ஓட விட்டிச்சினம், ஒண்டும் வரேல்ல. அவைக்கும் தெரியாது." அன்று பிற்பகல் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவு நடுக்கம் உண்மையாகவே நடந்தது. அளவும் இடமும் நிமிடங்களில் கிடைக்கும். நிலம் மேலே எழும்பியதா பக்கவாட்டில் நகர்ந்ததா என்பது தெரியக் கூடுதல் நேரம் வேண்டும். அன்று பக்கவாட்டில் நகர்ந்தது, கடலடி அதிகம் உயரவில்லை, அலையும் சிறிது. தகவல் வந்ததும் எச்சரிக்கை விலக்கப்பட்டது. முதல் தகவலோடு ஓடச் சொன்னதும் சரி, பிந்திய தகவலோடு விலக்கியதும் சரி. தம் கூற்றைத் தேதியிட்டுத் திருத்துபவரே நம்பத்தக்க நிபுணர். குரல் பதிவில் வரும் ப்ரொஃபசர் ஒருபோதும் திருத்தம் அனுப்புவதில்லை.

ஆறாம் படி: மற்ற நிபுணர்கள் என்ன சொல்கிறார்கள்?

பிரவுனிங்குக்கு ஆதரவாக ஒரு நிபுணர் பேசினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்கிழக்கு மிசூரி மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிலநடுக்க மையத் தலைவரே அந்தக் கணிப்பைக் கவனத்தில் எடுக்கச் சொன்னார். சரியான துறை, சரியான பதவி. ஆனால் நிலநடுக்க முன்னறிவிப்புகளை மதிப்பிடும் தேசிய சபை அந்தக் கணிப்பை ஆராய்ந்து, அறிவியல் அடிப்படை இல்லை என்று குறித்த நாளுக்கு முன்னரே அறிவித்துவிட்டது. மூன்றாம் படியில் நின்றுவிட்டவர் அந்த ஒருவரை நம்பியிருப்பார். துறைக்குள்ளேயே ஒருவர் தனித்து நின்றால், மற்றவர்கள் அவர் வாதத்தைப் படித்தார்களா, படித்துவிட்டு என்ன மறுமொழி எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும்.

எண்ணும்போது ஒரு பிழை வரும். ஒரே குரல் பதிவு பள்ளிக்கூடக் குழுவிலும் கோயில் குழுவிலும் கனடாச் சொந்தக்காரரிடமிருந்தும் வந்தால் அது மூன்று சாட்சி அல்ல, ஒன்றுதான். 2011 இலிருந்து இந்து சமுத்திரத்துக்கு அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் மையங்கள் தனித்தனியே கணித்து அறிவுறுத்தல் வழங்குகின்றன. அவை ஒத்துப்போனால் அது உண்மையில் மூன்று. இந்தியாவினது tsunami.incois.gov.in இல் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது.

ஏழாம் படி: நேரமில்லாதபோது

ஆறு படிகளையும் ஏறிக்கொண்டிருக்க எச்சரிக்கை நாளில் அவகாசம் இராது. அதற்காக இப்போதே இரண்டு விஷயங்களைத் தீர்மானித்து வையுங்கள். இலங்கையில் சுனாமி எச்சரிக்கையை வெளியிடும் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு (meteo.gov.lk), அதை ஊருக்குக் கொண்டுவந்து ஆட்களை வெளியேற்றும் பொறுப்பு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு. அவர்களுடைய அவசர இலக்கம் 117. அங்கிருந்து, அல்லது பொலிஸ், கிராம சேவகர் வழியாக "வெளியேறுங்கள்" என்று வந்தால் முதலில் நகருங்கள், சோதனையை மேட்டில் நின்று செய்யலாம். வீணாக நகர்ந்தால் அரைநாள் போகும், நகராமல் நின்றால் ஆளே போகலாம். வருங்காலத் தேதியோடு வரும் குரல் பதிவுக்கு இந்த அவசரம் இல்லை; நாலாம் படியிலேயே அது விழுந்துவிடும். ஐயம் தீராவிட்டால் 117 க்கு அழைத்துக் கேளுங்கள்.

மாதிரிச் செய்தியின் கணக்கை முடிப்போம். பெயர் இல்லை, ஆகவே சாட்சி இல்லை. பெயர் இருந்தாலும் தேதி குறிக்கும் தகைமை எவருக்கும் இல்லை. சந்திரனின் இழுவிசையை வைத்து நாள் குறிப்பது 1990 இலேயே பொய்த்துப்போனது. "அரசாங்கம் மறைக்குது" என்பதும் நிற்காது: நடுக்கத்தைப் பதியும் கருவிகள் உலகெங்கும் இருக்கின்றன, மூன்று வேற்று நாட்டு மையங்களும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மிஞ்சி நிற்பது "சுமாத்திராவில் ஒருநாள் பெரிய நடுக்கம் வரக்கூடும், திருகோணமலைக்கு அலை வரக்கூடும்" என்ற பகுதி. அது உண்மை. அதற்கான மறுமொழி அந்தச் செய்தியைப் பரப்புவது அல்ல. உங்கள் வீட்டிலிருந்து மேட்டுக்குப் போகும் பாதையைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பார்ப்பது.

செய்தியைக் குழுவில் போட்டவர் உங்களுக்குப் படிப்பித்த அதிபராகவோ பெரியப்பாவாகவோ இருந்தால், "பொய்ச் செய்தி" என்று எல்லோர் முன்னாலும் எழுதாதீர்கள். அவர் தம் மதிப்பைக் காக்கத்தான் பார்ப்பார், செய்தியை அல்ல. தனியாக அழைத்து, "ஐயா, இதைச் சொன்ன ப்ரொஃபசரின்ர பெயர் தெரியுமோ? நான் 117 க்கு எடுத்துக் கேக்கப் போறன், பெயரையும் சொன்னா நல்லது" என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் இரண்டாம் படியிலிருந்து தொடங்கலாம். கிடைக்காவிட்டால், பெரும்பாலும் அவரே அதை அழித்துவிடுவார்.